டெல்பி மதிப்பீடு: மூன்றாவது சுற்று போகலாமா?

வணக்கம். மைனஸ் 20 டிகிரி குளிர்பதனக் கிடங்குக்குச் சென்சார் கண்காணிப்பு அமைக்கும் வேலை வந்திருக்கிறது. இதுவரை மென்பொருள் மட்டுமே செய்த எங்களிடம் பழைய கணக்கு எதுவும் இல்லை. அதனால் டெல்பி முறையில், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல், எத்தனை நாள் ஆகும் என்று ஐந்து பேரிடம் சுற்றுச் சுற்றாக மதிப்பீடு வாங்கினேன்.

முதல் சுற்றில் வந்தவை 30, 40, 45, 50, 120 நாட்கள். நடு மதிப்பு 45. அந்த 120காரர் எழுதிய காரணம்: "குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், தகரம் பதித்த சுவரைச் சிக்னல் தாண்டாது, அங்கேயே போய்ச் சோதிக்கணும்." இதைப் பெயரில்லாமல் எல்லோருக்கும் அனுப்பினேன்.

இரண்டாம் சுற்றில் 60, 65, 70, 75, 80. நால்வர் ஏறியது புரிகிறது. ஆனால் 120காரர் 80க்கு இறங்கியிருக்கிறார். காரணம் எழுதும் இடத்தில் "மற்றவர்கள் குறைவாகச் சொல்கிறார்கள்" என்று மட்டும் இருக்கிறது. இது ஒத்துப்போனதா, விட்டுக்கொடுத்ததா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.

இன்னொரு குழப்பம்: நிறுவும் வேலையைச் சிலர் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேலையைப் பிரித்து எழுதாமல் கேட்டது என் தப்புதான்.

இப்போது பகுதி பகுதியாகப் பிரித்து மூன்றாவது சுற்று கேட்கலாமா? இல்லை, 60 முதல் 120 வரை என்று வீச்சாகவே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரிடம் விலைத் தொகை சொல்ல வேண்டும்.