ஒரே டவர் என்றார்கள், ஆனால் ஊருக்கு வந்ததும் சிம் வேலை செய்யவில்லை – அவசர உதவி

கடலோரத்தான் (குளச்சல்)
அண்ணன் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறார். அவருடைய சிம் இங்கே எடுக்கவே இல்லை. வங்கியின் ஓடிபி வராததால் பணம் அனுப்ப முடியவில்லை, வீட்டு வேலைக்கு ஆட்கள் கூலிக்குக் காத்திருக்கிறார்கள். அவருடன் வேலை செய்யும் குறும்பனைக்காரர் ஒருவரும் வந்திருக்கிறார், அவருக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக வருகிறது. இரண்டு சிம்மும் ஒரே டவர்தான் என்று அங்கே கடையில் சொன்னார்களாம். போனை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டோம். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

திற்பரப்பு அருவி
எந்த நாடு? எந்த நிறுவனம்? முன்கட்டணமா, மாதக் கடைசியில் பில் வருவதா? எதையும் சொல்லாமல் எப்படி உதவுவது?

ரப்பர் தோட்டம்
எங்கள் பேச்சிப்பாறையிலும் இதே தொல்லைதான். தோட்டத்துக்குள் போனால் சிக்னல் போய்விடும், மேட்டில் ஏறினால்தான் வரும். துறைமுகம் பக்கம் திறந்த வெளியில் நின்று பாருங்கள், வரும்.

வேளிமலை
அவர் கேட்டது சிக்னல் பற்றி இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு வருகிறதே! இந்த இழைகளில் கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

களியக்காவிளை ஷாஜி
எல்லைப் பக்கத்து அனுபவத்தில் சொல்கிறேன். போன் தானாகத் தவறான நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் கேரள வட்டத்தின் டவரைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். அமைப்புகளில் தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, பட்டியலில் வரும் ஒவ்வொரு நிறுவனத்தையும் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒன்றாவது ஏற்றுக்கொள்ளும்.

கடலோரத்தான் (குளச்சல்)
சவுதி, தம்மாம். முன்கட்டண சிம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பிறகு அதுவே சண்டையாகிவிடும். பெரிய மூன்றில் ஒன்றல்ல, அவற்றில் ஒன்றின் டவரில் ஓடுவது. குறும்பனைக்காரரிடம் இருப்பது அந்தப் பெரிய நிறுவனத்தின் சிம்மேதான். ஷாஜி அண்ணன் சொன்னபடி செய்தோம். பட்டியலில் நான்கு இந்திய நிறுவனங்களும் தெரிகின்றன, எதைத் தொட்டாலும் சற்று நேரம் சுற்றிவிட்டு இணைக்க முடியாது என்கிறது.

பழைய சுவிட்ச் ரூம்
தம்பி, அந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருக்கலாம். பட்டியல் தெரிகிறது என்றால் ஆன்டெனாவும் சிக்னலும் நன்றாகவே இருக்கின்றன. தேர்ந்தெடுத்த பிறகு மறுக்கப்படுகிறது என்றால், உள்ளே விடலாமா என்று யாரோ ஒருவரிடம் கேட்கப்பட்டு 'வேண்டாம்' என்ற பதில் வந்திருக்கிறது. அந்த 'வேண்டாம்' எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் போனைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அண்ணனின் சிம்மைக் குறும்பனைக்காரரின் போனிலும், அவருடையதை அண்ணனின் போனிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்படியே இரண்டு போனிலும் டயல் பலகையில் இதை அடியுங்கள்:

```
*#*#4636#*#*
```

திறக்கும் பக்கத்தில் IMSI என்று ஒரு நீண்ட எண் இருக்கும். சில போன்களில் இந்தப் பக்கம் திறக்காது. திறந்தால் அந்த எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். முழு எண்ணை இங்கே போடவேண்டாம்.

ரப்பர் தோட்டம்
அதற்கு *#06# போதுமே, எண் வந்துவிடும்.

பழைய சுவிட்ச் ரூம்
அது போனின் எண். நான் கேட்பது சிம்முக்குள் இருக்கும் சந்தாதாரரின் எண். போனை மாற்றினால் முன்னது மாறும், சிம்மை மாற்றினால் பின்னது மாறும்.

வெள்ளிச்சந்தை ஜெயா
நான் இங்கிலாந்தில் நர்ஸ். என்னுடையது கிஃப்கேஃப் சிம், ஓ2 டவரில் ஓடுகிறது. மார்த்தாண்டம் வந்தபோது பிரச்சினை எதுவும் வரவில்லை. டவர் இல்லாத நிறுவனம் என்பதால் ரோமிங் வராது என்று சொல்ல முடியாது. மாலை நேரத்தில் இணையம் மட்டும் மந்தமாகிவிடும், அதுவும் அங்கே இருக்கும்போதுதான்.

வேளிமலை
எல்லோரும் 'டவர் இல்லாத நிறுவனம்' என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இந்தியாவில் வோடபோன் ஐடியா நிற்கும் கம்பங்களில் எத்தனையோ இண்டஸ் டவர்ஸ் என்ற தனி நிறுவனத்துடையவை. அந்தக் கணக்குப்படி வோடபோன் ஐடியாவும் டவர் இல்லாத நிறுவனமா? கம்பம் யாருடையது என்பது இங்கே பொருட்டே இல்லை. அலைக்கற்றை உரிமமும், கம்பத்தின் மேல் இருக்கும் ரேடியோக் கருவியும் யாரிடம் என்பதே வேறுபாடு. அந்த இரண்டும் இல்லாமல், உரிமம் உள்ளவரிடம் நிமிடத்தையும் டேட்டாவையும் மொத்த விலைக்கு வாங்கித் தன் பெயரில் சில்லறையாக விற்பவரே மெய்நிகர் நிறுவனம். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் சிம் வாங்கினால் இப்படித்தான்.

திற்பரப்பு அருவி
விஷயம் சரி, கடைசி வரி தேவையில்லை. கடலில் பாடுபடுகிறவர் அலைக்கற்றை உரிமத்தைப் படித்துவிட்டா சிம் வாங்குவார்?

களியக்காவிளை ஷாஜி
இந்தியாவிலும் விர்ஜின் மொபைல் இப்படித்தான் 2008-ல் டாடாவின் நெட்வொர்க்கில் ஓடியது. அதுவும் மெய்நிகர் நிறுவனம்தானே?

வேளிமலை
இல்லை. அப்போது இந்திய விதி அதற்கு இடம் தரவில்லை. டாடாவின் சேவையை விர்ஜின் பெயரில் விற்ற ஏற்பாடு அது. மெய்நிகர் நிறுவனங்களுக்குத் தனி உரிமம் என்ற விதிமுறை 2016-ல்தான் வந்தது.

களியக்காவிளை ஷாஜி
வாங்குகிறவனுக்கு என்ன வித்தியாசம்? சிம்மில் ஒரு பெயர், டவரில் வேறு பெயர். அவ்வளவுதான்.

திற்பரப்பு அருவி
விதி வந்த அதே ஆண்டில் ஜியோவும் வந்துவிட்டது. அந்த விலைக்கு மேல் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்க யாருக்கு மிச்சம் இருக்கும்? நம் ஊர்க்காரர்கள் இந்த வகை சிம்மை வெளிநாடு போய்த்தான் பார்க்கிறார்கள்.

கடலோரத்தான் (குளச்சல்)
மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அவருடைய சிம் அண்ணன் போனில் வேலை செய்கிறது. அண்ணன் சிம் அவருடைய போனிலும் எடுக்கவில்லை. முதல் ஐந்து எண்கள் இரண்டிலும் ஒன்றேதான்.

பழைய சுவிட்ச் ரூம்
நல்லது, இனிப் பாதை ஒன்றுதான். எப்படி என்று சொல்கிறேன்.

அந்த ஐந்தில் முதல் மூன்று நாட்டைக் குறிக்கும், சவுதிக்கு 420. அடுத்த இரண்டு நிறுவனத்தைக் குறிக்கும். குளச்சலில் சிம்மைப் போட்டதும் இங்குள்ள நிறுவனம் அந்த ஐந்தையும் பார்த்து, 'இந்த வெளிநாட்டு நிறுவனத்துடன் நமக்கு ஒப்பந்தம் இருக்கிறதா' என்று தேடும். இல்லையென்றால் வாசலிலேயே மறுப்பு. சில மெய்நிகர் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிக் குறியீடு வாங்கி, சந்தாதாரர் பதிவேட்டையும் தாங்களே நடத்தும். அவை ரோமிங் ஒப்பந்தத்துக்கும் தாங்களே ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்த வகையாக இருந்து ஒப்பந்தமும் இல்லாமல் போயிருந்தால், நீங்கள் இங்கிருந்து என்ன செய்தாலும் பலன் இருந்திருக்காது.

அண்ணனுடையது அந்த வகை இல்லை. பெரிய நிறுவனத்தின் குறியீட்டையே இரவல் வாங்கியிருக்கிறார்கள். சொந்த வள்ளம் இல்லாதவர் பிறர் வள்ளத்தில் வலையோடு ஏறிப்போவதைப் போன்றது இது. குறும்பனைக்காரரின் சிம்மையும் அண்ணனின் சிம்மையும் இந்திய நிறுவனத்தால் குறியீட்டை வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒப்பந்தம் இருப்பதற்கு அவருடைய சிம்மே சாட்சி. ஆகவே மறுப்பு இங்கே தொடங்கவில்லை. இந்திய நிறுவனம் சவுதியில் உள்ள பதிவேட்டைக் கேட்டிருக்கிறது, அண்ணனின் பெயருக்கு நேரே 'வெளிநாட்டில் அனுமதி இல்லை' என்று எழுதியிருப்பதாகவே தோன்றுகிறது. டவர் ஒன்று என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் டவர் ஒன்றாக இருப்பது தம்மாமில் சிக்னலுக்கு மட்டும்தான் உதவும். யாருக்கு எந்த நாட்டில் அனுமதி என்பதை அவரவர் வாங்கிய திட்டம் தீர்மானிக்கிறது. விலை குறைவான சில திட்டங்களில் ரோமிங்கை அடைத்தே வைத்திருப்பார்கள்.

வீட்டு வைஃபையில் அந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்து, ரோமிங் என்று தனிச் சேவையோ தொகுப்போ இருக்கிறதா என்று பாருங்கள். செயலி உள்நுழைய ஓடிபி கேட்டால் மின்னஞ்சலுக்கு அனுப்பும் வழியைத் தேடுங்கள், இல்லையென்றால் அவர்களுடைய அரட்டைச் சேவையில் கேளுங்கள். இயக்கிய பிறகு விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள். சிம்மின் செல்லுபடி நாளையும் பாருங்கள். அது முடிந்து எண் கைவிட்டுப் போனால் வங்கிக் கணக்கே சிக்கலாகிவிடும்.

வெள்ளிச்சந்தை ஜெயா
வைஃபை அழைப்பை இயக்கினால் ரோமிங்கே தேவைப்படாதே?

பழைய சுவிட்ச் ரூம்
அம்மா, அந்த வசதி பெரிய நிறுவனத்தில் இருப்பதாலேயே அதன்மேல் ஏறி ஓடும் நிறுவனத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நாட்டுக்கு வெளியே அனுமதிக்காதவர்கள் உண்டு. போனில் அந்தத் தெரிவு தெரிந்தால் முயலலாம், கெடுதல் இல்லை.

நீங்கள் சொன்ன மாலை நேர மந்தத்துக்கும் இதே வேராக இருக்கலாம். நெரிசல் வந்தால் டவர் யாருக்கு முதலிடம் தருவது என்பதையும் இரு நிறுவனங்களின் ஒப்பந்தம் தீர்மானிக்கலாம். எல்லா மெய்நிகர் நிறுவனமும் பின்வரிசையில் இருப்பதில்லை. உங்களுடையதில் எப்படி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஓ2 சிம் வைத்திருக்கும் ஒருவரோடு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வேகத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரப்பர் தோட்டம்
எண்ணை மாற்றாமல் பெரிய நிறுவனத்துக்கு மாறிவிடுவது நல்லதல்லவா?

திற்பரப்பு அருவி
மாறலாம், ஆனால் அங்கே சிம்முக்குக் கைரேகை வைக்க வேண்டும். குளச்சலில் இருந்துகொண்டு எப்படி வைப்பார்? திரும்பிப் போன பிறகு பார்க்க வேண்டியது அது.

கடலோரத்தான் (குளச்சல்)
ரோமிங் அணைந்துதான் கிடந்தது. செயலியில் ஒரு தொகுப்பு வாங்கச் சொன்னது, வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் இந்திய நிறுவனத்தின் பெயர் வந்தது, ஓடிபியும் வந்துவிட்டது. ஐயா, பெரிய நன்றி. ஆனால் இந்த சிம்மிலிருந்து அழைத்தால் உடனே துண்டிக்கிறது.

பழைய சுவிட்ச் ரூம்
மகிழ்ச்சி. குறுஞ்செய்தி வந்து சேரப் பதிவானாலே போதும். முன்கட்டண சிம்மிலிருந்து அழைப்பது வேறு கதை. பேசப் பேச மீதியைக் கழிக்க வேண்டும் என்பதால் இந்திய நிறுவனம் அழைப்பு தொடங்கும்போதே சவுதியில் உள்ள கணக்கைக் கேட்க வேண்டும். அதற்குத் தனி இணைப்பு ஏற்பாடு தேவை. அது இல்லாமலும் இருக்கலாம், தொகுப்பில் அழைப்பு சேராமலும் இருக்கலாம், போன் 4ஜி-யில் மட்டும் நிற்பதாகவும் இருக்கலாம். நெட்வொர்க் வகையை 2ஜி-க்கு மாற்றி ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வேளிமலை
ஓடிபி வந்த பிறகு யார் திரும்பி வந்து சொல்லப்போகிறார்கள்?

களியக்காவிளை ஷாஜி
தொகுப்புக்கு எவ்வளவு ஆயிற்று தம்பி? என் மச்சானும் அடுத்த மாதம் ஜுபைலிலிருந்து வருகிறான், அவனிடமும் இதே போன்ற சிம்தான். வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு பிடிக்கிறதா?