சாவி கையில் இருக்கும்போதே வந்துவிடுகிற அவசரம்

கும்பகோணம் ஆசிரியை:
மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் சிறுநீரை அடக்கித் தாக்குப்பிடித்து வந்துவிடுவேன். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும் நொடியில்தான் வினை. ஒரு நாள் சாவி பைக்குள் எங்கோ புதைந்துவிட்டது. தேடி எடுப்பதற்குள் வாசற்கோலத்தின் மேலேயே புடவை நனைந்தது. எதிர்வீட்டு அம்மாள் பார்க்காததுபோல் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சிறுநீர்ப் பரிசோதனையிலும் சர்க்கரைப் பரிசோதனையிலும் குறையில்லை. மாத்திரை அப்புறம் பார்க்கலாம், எப்போது எவ்வளவு சிறுநீர் போகிறது என்று 3 நாள் கணக்கு எழுதி வாருங்கள் என்றார் மருத்துவர். ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன்; பல தடவை 100 மில்லிகூட இல்லை. எல்லாம் 'எதற்கும் போய்விட்டு வருவோம்' என்று போனவை. அந்த ஒன்றேகால் மணி நேர இடைவெளியிலேயே தொடங்கி வாரம் 15 நிமிடம் கூட்டினேன். ஆறாம் வாரம் இரண்டரை மணி நேரம்.

மன்னார்குடி விவசாயி:
இவ்வளவு கணக்கு எதற்கு? தண்ணீரைக் குறைத்தால் போதும். நடவு நாளில் மதியம் வரை ஒரு சொம்புதான் குடிப்பேன். வரப்பை விட்டு இறங்க வேண்டியதே இல்லை.

திருவாரூர், ஓய்வுபெற்ற செவிலியர்:
ஐயா, அந்த வெயிலில் ஒரு சொம்பா? சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் சிறுநீர்ப்பையை அதுவே உறுத்தும், அவசரம் கூடும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். சாதாரண நாளில் ஒன்றரை லிட்டர் அளவாவது வேண்டும். வயலில் இன்னும் அதிகம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளந்து கொடுத்தவர்களுக்கு மட்டும் அவர் சொன்னதே அளவு. நேரத்தை மாற்றுங்கள்: பெரும்பகுதியைப் பகலில் பரப்பிக் குடித்து, படுப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

டீச்சரம்மா, அவசரம் வரும்போது ஓடாதீர்கள். ஓடினால் பை இன்னும் இறுகும். திண்ணையில் உட்கார்ந்து, காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் கீழ்த்தசையை ஐந்தாறு தடவை சட்சட்டென்று இறுக்கி விடுங்கள். அலை வந்த மாதிரியே இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போங்கள். காபி எத்தனை என்று நீங்கள் எழுதவே இல்லையே?

பட்டுக்கோட்டை வாசகர்:
என் அப்பாவுக்கு 70. முக்கினால்தான் வருகிறது, போய்வந்த பிறகும் சொட்டுகிறது. அவரையும் 15 நிமிடம் அடக்கச் சொல்லட்டுமா?

செவிலியர்:
வேண்டாம். அவருக்குப் பையில் மீதம் தங்குகிறதா என்று முதலில் ஸ்கேனில் பார்க்க வேண்டும். இரத்தமோ எரிச்சலோ காய்ச்சலோ இருந்தாலும் இந்தப் பயிற்சி கூடாது.

மன்னார்குடி விவசாயி:
எனக்கு எரிச்சல் இருக்கிறதுதான். உடம்புச் சூடு என்று விட்டுவிட்டேன்.

கும்பகோணம் ஆசிரியை:
காபியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. 4 டம்ளர். ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன்; மறுநாளே மண்டையிடி. பிறகு மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறைத்தேன். கடைசியாக விட்டது நாலு மணி டிகிரி காபி. காலை டம்ளரை விடவில்லை, விடப்போவதும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து இறுக்குகிறேன். பத்துக்கு எட்டு நாள் அலை இறங்குகிறது. மற்ற இரண்டு நாளுக்காகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன்.