ஓசூரில் செய்முறைத் தேர்வு முடிந்து ஒன்பது நாள், அழைப்பு வரவில்லை

பென்னாகரத்துக்காரர்:
ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்தவன் நான். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்குக் கன்ட்ரோல் வயரிங் செய்யச் சொன்னார்கள். ஸ்டார், டெல்டா கான்டாக்டர்களுக்கு இடையே இன்டர்லாக் கொடுக்க மறந்துவிட்டேன். சப்ளை கொடுக்கும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, உடனே மாற்றினேன். மோட்டார் சரியாகவே ஓடியது. பொறியாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, "நான்கு நாளில் கூப்பிடுவார்கள்" என்றார். அந்தப் பிழையால்தான் விட்டுவிட்டார்களா? இப்போது தருமபுரியில் ரீவைண்டிங் கடையில் இருக்கிறேன். வேலையை விடப்போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடலாமா?

ஓசூர் ஃபிட்டர்:
போன் செய்து பயனில்லை. காலை ஷிப்ட் நேரத்தில் வாயிலில் போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் வேலையில் சேர்ந்தேன்.

பராமரிப்புப் பொறியாளர்:
நேரில் போவது தவறில்லை, ஆனால் ஷிப்ட் மாறும்போது யாரும் நின்று பேசமாட்டார்கள். தம்பி, பிழையை நினைத்துக் கவலைப்படாதீர்கள். அந்த இரண்டு கான்டாக்டர்களும் ஒன்றாக இழுத்தால் ஃபேஸ்கள் ஷார்ட் ஆகும். சப்ளைக்கு முன்பே அதைக் கண்டுபிடித்தவரை நான் தள்ளமாட்டேன். தேர்வு வைப்பவர் மதிப்பெண் தாளை மனிதவளப் பிரிவுக்கு அனுப்புவதோடு சரி, அழைப்பது அவர் கையில் இல்லை. பல இடங்களில் ஒப்பந்ததாரர்தான் ஆள் எடுப்பார். பதினொரு மணிக்கு மேல் மனிதவளப் பிரிவுக்குப் பேசுங்கள். தேர்வுத் தேதியையும் வேலையின் பெயரையும் சொல்லி, "என் தாள் வந்துவிட்டதா? நேரடி வேலையா, ஒப்பந்த வேலையா? எந்தத் தேதிவரை காத்திருக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பேசி முடித்ததும் இதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள்:

"வணக்கம். 12ஆம் தேதி எலக்ட்ரீஷியன் செய்முறைத் தேர்வுக்கு வந்தவன். முடிவு தெரிந்தால் இந்த எண்ணில் சொல்லுங்கள்."

கடையை இப்போது விட வேண்டாம். பணி ஆணை கைக்கு வந்தபிறகு சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் லாரி ஓட்டுநர்:
எனக்கும் ஓட்டிக் காட்டிய பிறகு அழைப்பே வரவில்லை. ஹெவி லைசென்ஸில் குறையோ என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்தேன். கடைசியில் பார்த்தால் விண்ணப்பத்தில் போன் எண்ணில் நான் எழுதிய 1, அவர்கள் கண்ணுக்கு 7 ஆகத் தெரிந்திருக்கிறது. நீங்களும் லைசென்ஸை ஒருமுறை பாருங்கள்.

பராமரிப்புப் பொறியாளர்:
இவருக்கு லைசென்ஸ் பிரச்சினை இல்லை அண்ணா. ஆனால் எண்ணைச் சரிபார்ப்பது நல்ல யோசனை.

பென்னாகரத்துக்காரர்:
பேசினேன். எண் சரியாகவே இருந்தது. தாளும் போன வாரமே வந்துவிட்டதாம். ஒப்பந்த வேலைதான், ஒப்பந்ததாரர் இம்மாதக் கடைசியில் அழைப்பாராம். ஆனால் அவர் சார்பில் பேசிய ஒருவர் சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பராமரிப்புப் பொறியாளர்:
கொடுக்காதீர்கள். அந்த ஆள் ஒப்பந்ததாரருடையவர்தானா என்று மனிதவளப் பிரிவிலேயே கேளுங்கள். அசல் சான்றிதழையும் யாரிடமும் விட்டுவராதீர்கள், நகல் போதும்.

ஓசூர் ஃபிட்டர்:
சீருடைக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள், முன்பே கேட்கவில்லை.

பென்னாகரத்துக்காரர்:
நாளை பதினொரு மணிக்குக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.