13-பி மனு: குழந்தை தொடர்பான ஷரத்துகளுக்கு மாதிரி வாசகம் தேவை

நண்பர்களே, பரஸ்பர சம்மத விவாகரத்து மனு ஒன்று தயாராகிறது. தம்பதி பிரிந்து 14 மாதம். ஒரு வருடம் தாண்டியதால் இந்து திருமணச் சட்டம் 13-பி பொருந்தும். சம்மதம் இல்லாமல் ஒருவர் மட்டும் வழக்குப் போட்டால் கொடுமை, கைவிட்டுப் போனது என்று ஏதாவது ஒன்றைச் சாட்சி வைத்து நிரூபிக்கணும்; வருடக்கணக்கில் இழுக்கும். 13-பியில் சிக்கல் வேறு: இரண்டாவது முறை ஆஜராகும் முன் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம்.

குழந்தைக்கு 4 வயது. ஐந்து வயதுவரை பெரும்பாலும் தாயிடம்தான். அதன்பிறகும் கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனை, சம்பளத்தை மட்டுமல்ல. "அப்பா விரும்பும்போது பார்க்கலாம்" என்று எழுதினால் முதல் தீபாவளிக்கே தகராறு. அதனால் ஞாயிறு 10 முதல் 5 வரை, கோடை விடுமுறையில் பாதி என்று போட்டிருக்கிறோம்.

பள்ளி மாற்றம், பாஸ்போர்ட் கையெழுத்து இரண்டுக்கும் நல்ல வாசகம் வைத்திருப்பவர்கள், பெயர்களை அழித்துவிட்டுப் பகிர முடியுமா?