மூழ்கு நிதி வேண்டாம், சரி. வேறென்ன சொல்வது?

வள்ளியம்மை, காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மகளிர் குழுவுக்கு வீட்டுக் கணக்கு எழுதுவது பற்றி ஒரு சின்னக் கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் சிங்கிங் ஃபண்ட் என்று ஒரு பக்கம் வருகிறது. இன்ன வருஷத்தில் இன்ன விலைக்கு ஒரு சாமான் வாங்கியாக வேண்டும் என்று முன்னாலேயே குறித்துக்கொண்டு, மாதாமாதம் ஒரே தொகையை வட்டிக்குப் போட்டு, அந்த நாளில் அந்த விலை கையில் இருக்கும்படி செய்வது. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

‘மூழ்கு நிதி’ என்று எழுதிக் குழுவில் வாசித்துக் காட்டினேன். “மூழ்கிப்போன பணமா? சீட்டுக்காரன் ஓடிட்டானா?” என்று ஒருத்தி கேட்டாள். அதோடு அந்தச் சொல் முடிந்தது.

கையேட்டில் உதாரணம் எங்கள் வீட்டுக் கதைதான். போன கத்திரியில் கண்டனூரில் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. கம்ப்ரஸர் போச்சு என்றார்கள். கையில் பணம் இல்லை, கடையில் தவணைக்கு எடுத்தோம். வட்டியே இல்லை என்று சொன்ன தவணையில் ‘ஃபைல் சார்ஜ்’ என்று தனியாக ஒன்று இருந்ததை ரசீதைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

சாத்தப்பன், தேவகோட்டை

வள்ளி, மூழ்கு என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த கோளாறு. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் அரசாங்கக் கடனைக் குறைக்கப் பணத்தைத் தனியே ஒதுக்கினார்கள். 1717இல் வால்போல் காலத்தில் ஒன்று, 1786இல் பிட் காலத்தில் ஒன்று. அமுங்கியது கடன், நிதி இல்லை. (பிட் ஏற்படுத்திய நிதிக்குப் போர்க்காலத்தில் கடன் வாங்கியே பணம் போட்டார்கள். ஒரு பக்கம் கார்டு பாக்கிக்கு வட்டி கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் ஆர்.டி. போடுகிறவர்கள் நம்மிலும் உண்டு.)

நான் கல்லூரியில் வணிகவியல் நடத்திய காலத்தில் ‘கடன் தீர் நிதி’ என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். கம்பெனி கடன் பத்திரத்துக்கு அது பொருந்தும். உன் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பொருந்தாது. அங்கே கடனே இல்லை, கடன் வராமலிருக்கத்தானே இந்த ஏற்பாடே.

‘தேய்மான நிதி’ என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது வேறு. தேய்மானம் வாங்கிய விலையைப் பார்க்கிறது. இது வாங்கப்போகிற விலையைப் பார்க்கிறது. எட்டு வருஷத்துக்கு முன் 24,000க்கு வாங்கியதைத் தேய்மானமாக எழுதி அந்தப் பணத்தை அப்படியே எடுத்துவைத்தாலும், கையில் 24,000தான் சேரும். கடைக்காரர் அந்த விலையைக் கேட்டால் சிரிப்பார்.

முத்துக்கருப்பன், புதுவயல்

ஐயா சொன்னதில்தான் கை வைக்கப் பார்த்தேன், முந்திக்கொண்டார்!

சொல் இருக்கட்டும், இதில் நிதி என்ன நிதி? எங்கள் அரிசி ஆலையில் பெல்ட், மோட்டார் எல்லாவற்றுக்கும் இப்படி எடுத்துவைக்கிறோம். ‘இருப்பு’ என்போம், அவ்வளவுதான். கணக்கும் சுலபம். இன்றைய விலை 33,000, வருஷம் 5 சதம் ஏறினால் 5 வருஷத்தில் 42,000 ஆகும். அறுபதால் வகுத்தால் மாதம் 700.

வட்டிக்குப் போட்டால் இன்னும் குறையும். மாதம் 590 கட்டினால் மொத்தம் 35,400. அதற்கு 6.7 சதம், 5 வருஷம், வட்டி மட்டும் 11,859. ஆக 47,000க்கு மேல் வருகிறது. அப்படியென்றால் 590கூட வேண்டாம், 530 போதும். கையேட்டில் 530 என்றே போடலாம்.

மீனாள், பள்ளத்தூர்

எதில் போட்டால் நல்லது என்று கேட்கிறீர்களா? சீட்டில் மட்டும் போடாதீர்கள். நான் ஒரு சீட்டில் இருபது மாதம் கட்டினேன். பதினெட்டாவது மாதத்திலேயே நடத்தினவர் ஊரைக் காலி செய்துவிட்டார், எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பணத்தில் கிரைண்டர் வாங்குவதாக இருந்தேன். இப்போது ஆட்டுக்கல்லில்தான் மாவு. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் அந்தக் கல்லுக்கு நல்ல விலை தருகிறேன் என்கிறார், அது வேறு கதை.

சிறுவாடு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளக்கூடாதா?

வள்ளியம்மை

ஆச்சி, நான் கேட்டது சொல். ஆனால் சிறுவாட்டைப் பற்றி நானும் யோசித்தேன். சிறுவாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது, இதில் எவ்வளவு சேர வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். சிறுவாட்டுக்குக் கெடுவும் இல்லை. கையில் மிஞ்சும்போது போடுவது, தேவைப்பட்டால் எடுப்பது. அதனால் சேராது.

சாத்தப்பன்

முத்துக்கருப்பன், விலை ஏற்றம் நீ போட்டது சரி. 33,000க்கு வருஷம் 5 சதம் சேர்த்தால் ஐந்தாம் வருஷ முடிவில் 42,100 சொச்சம் வருகிறது. 42,000 என்று வைத்துக்கொள்வோம். வட்டியில்தான் வழுக்கிவிட்டாய். 35,400 முழுதும் முதல் நாளே போட்டிருந்தால்தான் ஐந்து வருஷ வட்டி. முதல் தவணைக்குத்தான் 60 மாதம், கடைசித் தவணை ஒரே மாதம்தான் கிடக்கிறது. சராசரியாக 30 மாதம் சொச்சம். அதனால் வட்டி நீ சொன்னதில் பாதியை ஒட்டித்தான் வரும், கூட்டு வட்டியால் கொஞ்சம் கூடும்.

அஞ்சலக ஆர்.டி.யையே எடுத்துக்கொள். 6.7 சதம், காலாண்டுக் கூட்டு வட்டி, 60 மாதம். மாதம் 100 ரூபாய் கட்டினால் கடைசியில் 7,136 சொச்சம். இந்த ஒரு எண் போதும், சூத்திரம் எதற்கு? 100 ரூபாய்க்கு 7,136 என்றால் 42,000க்கு எவ்வளவு என்று வகுத்துப் பார். 588 ரூபாய் 50 காசு வரும். அஞ்சலகத்தில் பத்து ரூபாய் மடங்கில்தான் கட்ட முடியும், ஆகவே 590. முடிவில் 42,106 கிடைக்கும். அதில் வட்டி 6,706. நீ சொன்ன 530ஐ நம்பியிருந்தால் 37,800ஐ வைத்துக்கொண்டு கடையில் நின்றிருப்போம்.

பழைய ஃப்ரிட்ஜுக்கு எக்ஸ்சேஞ்சில் 2,000 தருவார்கள் என்று நம்பி 40,000க்குக் கணக்கிட்டால் 560 ரூபாய். ஆனால் 560க்கு வருவது 39,965. முப்பத்தைந்து ரூபாய் துண்டு விழும். அதற்காக யாரும் ஃப்ரிட்ஜைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

முத்துக்கருப்பன்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. வட்டியில் கோட்டைவிட்டேன். ஆனால் 700க்கும் 590க்கும் மாதம் 110தான் வித்தியாசம். அதற்காக அஞ்சலகத்துக்கு மாதாமாதம் நடக்க வேண்டுமா?

சாத்தப்பன்

110க்காக நடக்கச் சொல்லவில்லை. தகர டப்பாவில் 700 போட்டால் மூன்றாம் மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அதில் கை வைப்போம். நம் ஊர்க் கடைகளில் மகமைக்கென்று ஒதுக்கியதைக் கடைச் செலவுக்கு எடுப்பார்களா? எவ்வளவு முடை வந்தாலும் தொடமாட்டார்கள். அந்த மாதிரி தனியாக நிற்க வேண்டும்.

ஆனால் இதன் பலவீனமும் அங்கேதான். ஃப்ரிட்ஜ் நம் கெடுவுக்குக் காத்திருக்காது. மூன்றாம் வருஷ முடிவில் நின்றுபோனால் 590 வீதம் 36 மாதத்தில் கட்டியது 21,240. அஞ்சலகத்தில் மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் முன்கூட்டி முடிக்கலாம், அப்போது சேமிப்புக் கணக்கு வட்டிதான். 4 சதம் என்றால் 1,300 சொச்சம் சேரும். மீதிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம். தொடர்ந்து நான்கு தவணை விட்டால் கணக்கு நின்றுவிடும்.

இன்னொன்று, வருஷத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போய் விலை கேட்கச் சொல். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கும்போது 45,000 ஆகிவிடும் போலிருந்தால் மீதி 36 மாதத்தில் 3,000 கூடுதலாகச் சேர வேண்டும். ஆர்.டி. தொகையை நடுவில் மாற்ற முடியாது. மாதம் 85 ரூபாய் போல சேமிப்புக் கணக்கில் தனியாகப் போட்டால் சரியாகிவிடும். விலையைக் குறித்தோம் என்று அப்படியே விட்டால்தான் கடைசியில் துண்டு விழும்.

வள்ளியம்மை

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நேற்று இரவு ஒன்று தோன்றியது. ‘அடைநிதி’. கடனை அடைக்கிறோம், குறித்த தொகையை அடைகிறோம். சாத்தப்பன் ஐயாவின் கம்பெனிக் கணக்குக்கும் அம்மாவின் ஃப்ரிட்ஜுக்கும் ஒரே சொல். கோழி அடைகாப்பது போலத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் வருகிறது.

முத்துக்கருப்பன்

அடைமானம் மாதிரி கேட்கிறதே. பேங்கில் போய் ‘அடைநிதி’ என்றால் நகையை எடுத்து வைக்கச் சொல்வார்கள். அதற்கு ‘திரள்நிதி’ மேல்.

சாத்தப்பன்

திரள்நிதி என்றால் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நிதி திரட்டுவதாகத்தான் படுகிறது. அடைநிதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முத்துக்கருப்பன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தனியாகக் கேட்டால் அடமானம்தான் நினைவுக்கு வரும். ‘குறித்தொகை நிதி’ என்று ஒரு மாற்று. தொகை குறித்தது என்பது அதில் தெளிவு, மாதாமாதம் கட்டுவதுதான் அதில் இல்லை.

‘ஐந்தொகை’ நம் வட்டிக்கடைப் பேரேட்டில் புழங்கிய சொல். இங்கே பாடப்புத்தகத்தில் இருப்புநிலைக் குறிப்பு ஆகிவிட்டது, இலங்கையில் இன்னும் ஐந்தொகை என்றே எழுதுகிறார்கள். எந்தச் சொல் நிற்கும் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது.

மீனாள்

பிள்ளையார் நோன்புக்கு நாளுக்கு ஓர் இழையாக 21 நாள் எடுத்துவைத்து, கடைசி நாள் சேர்த்துத் திரித்து இழை எடுத்துக்கொள்கிறோமே, அதுவும் இதுதானே? இருபத்தொன்று என்று முன்னாலேயே தெரியும், ஒரு நாள் விட்டால் குறையும். ‘இழைநிதி’ என்று வையுங்கள்.

முத்துக்கருப்பன்

ஆச்சி, அந்த இழையை மாவில் வைத்து வாயில் போட்டுக்கொள்கிறோம்!

மீனாள்

ஃப்ரிட்ஜ் வாங்குகிற அன்றைக்குப் பணமும் அப்படித்தான் போகும்.

வள்ளியம்மை

செட்டிநாட்டுக்கு வெளியே இழைநிதி புரியாது ஆச்சி, நெசவுக்காரர்களுக்கு ஏதோ மானியம் என்று நினைப்பார்கள். ஆனால் விளக்கும்போது அந்த உதாரணத்தையே போடுகிறேன்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் அடைநிதி என்று வைத்து, அதன் கீழேயே இது அடைமானம் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குறித்தொகை நிதியையும் சின்ன எழுத்தில் போட்டாயிற்று. குழுவில் பெண்கள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தேன். மூன்று பேர் ‘ஃப்ரிட்ஜ் கணக்கு’ என்றும் ஒருத்தி ‘கிரைண்டர் 590’ என்றும் எழுதியிருக்கிறார்கள். கிரைண்டருக்கு 590 எதற்கு என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை.