போட்டோவில் வரும் வடிவியல் படம்: தரவை எழுதிய பிறகுதான் கணக்கா?

மாலைவகுப்பு: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தை போனில் எடுத்து அனுப்பி வழி கேட்கிறார்கள். "படத்தில் உள்ள நீளம், கோணம், இணைகோடு எல்லாவற்றையும் முதலில் எழுதி அனுப்பு, பிறகு பார்க்கலாம்" என்கிறேன். இது தேவைதானா, வெறும் நேர விரயமா?

விரைவுவிடை: விரயம்தான் சார். படம் கண்ணெதிரே இருக்கிறது. தெரிந்ததைப் படத்திலேயே குறித்துக்கொண்டே போனால் 2 மதிப்பெண் கணக்கு மூன்று வரியில் முடிந்துவிடும். எல்லாவற்றையும் மறுபடி எழுதுவது இரட்டை வேலை.

கோட்டளவு: ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முக்கோணம் ABC. AB-யில் D, AC-யில் E, DE ∥ BC. AD-க்குப் பக்கத்தில் 4, DE-மேல் 5, இடது ஓரத்தில் D-க்குச் சற்றுக் கீழே ஒரு 6. BC கேட்டிருக்கிறார்கள்.

அந்த 6 யாருடையது? DB = 6 என்றால் AB = 10, BC = 5 × 10 ÷ 4 = 12.5. முழு AB-க்கும் 6 என்றால் BC = 5 × 6 ÷ 4 = 7.5.

இனிமேல்தான் சிக்கல். DB = 6 என்று சரியாகப் படித்த பிள்ளையும் DE/BC = AD/DB என்று தவறாகப் போட்டால் அதே 7.5 வரும். விடையை மட்டும் பார்த்தால் படம் படித்ததில் பிழையா, விகிதத்தில் பிழையா என்று உங்களால் சொல்லவே முடியாது. மேலே "DB = 6" என்று ஒரு வரி இருந்தால் பிழை எந்த இடத்தில் என்பது உடனே தெரிந்துவிடும்.

விரைவுவிடை: நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் DB, AD-யை விட நீளமாகத் தெரிந்தால் 6 அதற்குத்தானே? கண்ணே சொல்லிவிடுமே.

கோட்டளவு: போட்டோவில் கண்ணை நம்ப முடியாது. போனைச் சாய்த்துப் பிடித்தால் தொலைவில் உள்ள பாகம் சுருங்கும், ஒரே கோட்டில் உள்ள துண்டுகளின் விகிதம்கூட மாறிவிடும், இணைகோடுகள் ஒரு பக்கம் நெருங்கிவரும். போதாததற்கு, அச்சுப் படமே பெரும்பாலும் அளவுக்கு வரைந்ததாக இருக்காது. அளவுக்கோடு எந்தப் புள்ளியில் தொடங்கி எதில் முடிகிறது என்பதைப் பாருங்கள். அது மங்கியிருந்தால் "6: DB-யா, AB-யா?" என்றே எழுதச் சொல்லுங்கள். மற்ற தரவே சில சமயம் தீர்த்துவைக்கும். இதே படத்தில் AE = 6, EC = 9 என்றும் இருந்தால் 4/6 = 6/9, பொருந்துகிறது. AB = 6 என்று கொண்டால் DB = 2, 4/2 எங்கே, 6/9 எங்கே.

கவராயம்: உதவிப்படம் போடாவிட்டால் மதிப்பெண் குறைப்பார்கள், அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

மாலைவகுப்பு: அது வரையும் கணக்குக்கு. நான் கேட்பது ஏற்கெனவே கொடுத்த படத்தைப் படிப்பதைப் பற்றி.

பத்தாவது_அம்மா: என் மகள் எழுதித்தான் தொடங்கினாள், அப்படியும் தப்பானது. வட்டத்தில் AB ஒரு நாண், C வட்டத்தின் மேல். "∠ACB = 90°" என்று தரவிலேயே எழுதிவிட்டாள். பெரிதாக்கிப் பார்த்தால் மையப்புள்ளி O, AB-யை ஒட்டி இருக்கிறதே தவிர அதன் மேல் இல்லை.

கோட்டளவு: அம்மா, அவள் எழுதியது தரவே இல்லை, முடிவு. AB விட்டம் என்று வினாவிலோ படத்திலோ இருந்தால் "AB, O வழியாகச் செல்கிறது" என்பது மட்டும்தான் தரவு. 90° அதிலிருந்து வருவது, அது தீர்வின் முதல் வரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தது என்று ஒரு சொல் போடச் சொல்லுங்கள்: வினா, எண், அம்புக்குறி, சதுரக்குறி. பக்கத்தில் போட எதுவும் இல்லை என்றால் அந்த வரி தரவில் இருக்கக் கூடாது.

```
D, AB-யின் மேல்; E, AC-யின் மேல்   படம்
AD = 4, DE = 5                     எண்
6: DB அல்லது AB                    எண், தெளிவில்லை
DE ∥ BC                            அம்புக்குறி
காண்க: BC                          வினா
```

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதும் தரவுதான். அதை எழுதாமல் AB = AD + DB என்று கூட்ட முடியாது.

விரைவுவிடை: குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதையும் தரவில் சேர்க்கக் கூடாது என்றால் கொஞ்சம் கெடுபிடிதான். பார்த்ததுமே தெரிகிறதே.

கோட்டளவு: சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. படத்தில் சம வில் குறி இருந்தால் மட்டும் சேர்க்கலாம்.

விரைவுவிடை: இதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் 50-க்கு மேலே இருக்கும் குட்டி வட்டத்தைச் சுழியமாகப் படித்து 500 என்று எழுதும் பிள்ளைகளுக்கு உங்கள் பட்டியல் நல்லது. முக்கோணத்துக்குள் 500° வர முடியாது என்று எழுதும்போதே பிடிபடும்.

மாலைவகுப்பு: அப்படியானால் நேர் மேலிருந்து எடுத்த போட்டோ, வினா வரியும் சேர்ந்து வர வேண்டும், கூடவே மூலத்தோடு தரவுப் பட்டியல். குத்தெதிர்க் கோணத்தை இப்போதைக்குப் பிள்ளைகள் விருப்பத்துக்கு விடுகிறேன்.