ப்ராக்ஸி வேரியபிள்: பதிலியா, பினாமியா, சாடையா?

மரகதம் எழுதியது:

வணக்கம். கடன் விண்ணப்பங்களை ஏற்கலாமா என்று முடிவு செய்யும் ஒரு கணினி மாதிரியைத் தணிக்கை செய்து, அறிக்கையைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

மாதிரிக்குப் பாலினம் தரப்படவே இல்லை. ஆனாலும் 100 ஆண்கள் விண்ணப்பித்தால் 60 பேருக்கும், 100 பெண்கள் விண்ணப்பித்தால் 45 பேருக்கும் கடன் கிடைக்கிறது (விளக்கத்துக்காக எண்களை எளிமையாக்கியிருக்கிறேன்). தேடிப் பார்த்ததில், "இடைவெளி இல்லாமல் வேலை பார்த்த மாதங்கள்" என்ற கூறுதான் பெரும் பங்கு. பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த எண் குறைந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட கூறுதான் ப்ராக்ஸி வேரியபிள். "பதிலி மாறி" என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தான் போக முடியாதபோது ஒருவர் அனுப்பும் ஆள்தான் பதிலி. இங்கே யாரும் யாரையும் அனுப்பவில்லையே?

அன்வர் எழுதியது:

மரகதம் அம்மா, "பினாமி மாறி" என்று வைக்கலாம். சொத்து ஒருவர் பெயரில் இருக்கும், உண்மையான உடைமையாளர் வேறொருவர். மாதக் கணக்கின் பெயரில் பாலினம் உட்கார்ந்திருக்கிறது. எல்லோருக்கும் உடனே புரியும்.

தீர்வும் எளிதுதான். பாலினத்தோடு தொடர்புள்ள கூறுகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். விண்ணப்பத்திலும் பாலினத்தைக் கேட்காதீர்கள்.

செல்வராணி எழுதியது:

எனக்கும் போன வருடம் கடன் மறுத்தார்கள். சொந்தமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. "வருமானம் சீராக இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இதையும் அந்தச் சொல் குறிக்குமா?

இளங்கோ எழுதியது:

செல்வராணி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் வருமான ஏற்ற இறக்கம் தவணை கட்டுவதோடு நேராகத் தொடர்புள்ளது. அது ஒரு குழுவை அடையாளம் காட்டிக்கொடுத்தால்தான் நாம் பேசும் கேள்வி எழும்.

அன்வர் தம்பி சொன்னதில் பாதி சரி. மற்ற கூறுகளை மட்டும் வைத்துப் பாலினத்தைக் கணிக்க இன்னொரு மாதிரியைப் பழக்கிப் பாருங்கள். இரு பாலினரையும் அது எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்று காட்டும் ஏயுசி மதிப்பு 0.5-ஐ ஒட்டி, அதாவது குருட்டு ஊகம் போல, இருந்தால் பெரிதாகக் கசிவு இல்லை. 0.8 வந்தால் பாலினம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் சம்பளம், கடன் வரலாற்றின் நீளம் என்று பலவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எல்லாவற்றையும் நீக்கினால் கணிக்க எதுவும் மிஞ்சாது. பாலினத்தைப் பதிவே செய்யாவிட்டால் இந்தச் சோதனையைக்கூடச் செய்ய முடியாது. மாதிரிக்குக் கொடுக்க வேண்டாம், தணிக்கைக்குத் தனியாக வைத்திருங்கள்.

பார்க்க வேண்டியது, அந்தக் கூறு ஒவ்வொரு குழுவுக்குள்ளும் என்ன சொல்கிறது என்பது. ஆண்களில் இடைவெளி பெரும்பாலும் வேலை இழப்பாக இருந்து, இடைவெளி உள்ளவர்கள் அதிகம் தவணை தவறலாம். பெண்களில் இடைவெளி உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தவறலாம். அப்படியானால் ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள். மாதிரி ஆண்களிடம் கற்றதைப் பெண்கள் மேல் சுமத்துகிறது.

அதனால்தான் "பினாமி" எனக்குத் தயக்கம். பினாமிக்குப் பின்னால் மறைக்கும் எண்ணம் இருக்கும். இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை, அந்தக் கூறில் உண்மையான தகவலும் இருக்கிறது.

செல்வராணி எழுதியது:

அப்படியென்றால் "சாடை" பொருந்துமா? குழந்தையைப் பார்த்து "தாத்தா சாடை" என்கிறோம். குழந்தை தாத்தா ஆகிவிடாது, ஆனால் அவர் முகம் தெரியும். "சாடை மாறி" எப்படி?

இளங்கோ எழுதியது:

அருமை அம்மா. ஆனால் "சாடை மாறி" என்றால் சாடை மாறிப்போய் என்று படித்துவிடுவார்கள். "சாடைக்கூறு" என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அன்வர் எழுதியது:

ஐயா, சாடை மென்மையாக இருக்கிறது. கசிகிறது என்று தணிக்கையாளர் எழுதிக் கொடுத்த பிறகும் நிறுவனம் அந்தக் கூறை வைத்துக்கொண்டால்? அப்போது அது பினாமிதான்.

மரகதம் எழுதியது:

அன்வர் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அறிக்கையில் இப்போதைக்கு "சாடைக்கூறு" என்றே எழுதுகிறேன்.

இளங்கோ ஐயா சொன்னபடி குழுவுக்குள் பார்த்தேன், பெண்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கூறுக்குப் பதில் "தற்போதைய வேலையில் இருக்கும் மாதங்கள்" என்று போட்டதும் நூற்றுக்கு ஆண்கள் 58, பெண்கள் 51 என்று ஆனது. விகிதம் 0.75-லிருந்து 0.88. ஒரு குழுவின் ஏற்பு விகிதம் மற்றதில் ஐந்தில் நாலு பங்காவது இருக்க வேண்டும் என்ற வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் அது 1978-ல் அமெரிக்காவில் வேலைக்கு ஆள் எடுப்பதற்காக எழுதிய வழிகாட்டுதல், கடனுக்கானது இல்லை. அதைக் காட்டித் தேர்ச்சி என்று எழுத மாட்டேன்.

இளங்கோ எழுதியது:

ஒன்றை மட்டும் அறிக்கையில் சேருங்கள். தவணை கட்டினார்களா என்பது கடன் கிடைத்தவர்களுக்கு மட்டுமே தெரியும். இடைவெளி இருந்தும் கடன் பெற்ற பெண்கள் மற்ற எல்லாவற்றிலும் வலுவானவர்களாக இருந்திருப்பார்கள். "வித்தியாசம் இல்லை" என்பது அவர்களைப் பற்றியது, மறுக்கப்பட்டவர்களைப் பற்றியது அல்ல. கடன் கிடைக்கும் வரம்புக்குச் சற்றுக் கீழே உள்ளவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் கடன் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு நிறுவனம் ஒப்புமா என்று கேட்டீர்களா?